‘ஜுரம் வந்தா 3 மி.லி.’ - தாத்தா பாட்டிக்கு எழுதி வைக்கும் மருந்துச் சீட்டில் எது விட்டுப்போகிறது?

காலை எட்டேகால். கேப் வந்து கீழே நிற்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே ஓடுகிறார் ஓர் அம்மா. சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:

“அத்தை, பாப்பாவுக்கு ஜுரம் வந்தா ஜுர மருந்து 3 மி.லி. ஆன்டிபயாடிக் காலைல, ராத்திரி 5. மூக்கு அடைச்சா டிராப்ஸ். ஏதாவதுன்னா கால் பண்ணுங்க.”

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் அம்மாக்களின் வீடுகளில் இப்படி ஒரு சீட்டு சாதாரணம். இந்த வீட்டை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. காதில் தொற்று. பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மாமியாரும் மாமனாரும் வந்திருக்கிறார்கள். பார்த்தால் சீட்டில் தப்பே இல்லை. டாக்டர் சொன்ன அளவைத்தான் மருமகள் எழுதியிருக்கிறார். ஆனால், அந்த ‘3 மி.லி.’ ஒரு குறிப்பிட்ட பாட்டிலுக்கு மட்டும்தான் சரி. அது எந்த பாட்டில் என்று சீட்டில் இல்லை.

பெயர் ஒன்று, வீரியம் மூன்று

குழந்தைகளுக்கான ஜுர மருந்து என்றால் பெரும்பாலும் பாராசிட்டமால். இதில் கணக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சமாக 150 மில்லிகிராம்.

இந்தப் பாராசிட்டமால் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஒரே வீரியத்தில் கிடைப்பதில்லை. 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப் உண்டு. 5 மி.லி.யில் 120 மி.கி. மட்டும் இருக்கும் சிரப்பும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே ஒரு மி.லி.க்குள் 100 மி.கி. இருக்கும். பார்க்கச் சின்ன பாட்டில், ஆனால் மூன்றில் வீரியம் அதிகம் அதற்குத்தான். ‘சின்ன பாட்டில், குழந்தை மருந்து, லேசானதாத்தான் இருக்கும்’ என்று நினைப்பது இயல்பு. தப்பு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

டாக்டர் எழுதியது 250 சிரப். அதில் 3 மி.லி. என்றால் சரியாக 150 மி.கி. வியாழக்கிழமை மதியம் அந்த பாட்டில் காலி. மாமனார் தெருமுனைக் கடைக்குப் போய், “குழந்தைக்கு ஜுர மருந்து குடுப்பா” என்கிறார். கடைக்காரர் 120 சிரப்பை எடுத்துக் கொடுத்தால், சீட்டில் உள்ளபடி 3 மி.லி. ஊற்றும்போது குழந்தைக்குப் போவது 72 மி.கி. பாதி கூட இல்லை. ஜுரம் இறங்காது. “மருந்து கேக்கலையே” என்று இன்னொரு வேளை ஊற்றத் தோன்றும். அவர் டிராப்ஸைக் கொடுத்திருந்தால், அதே 3 மி.லி.யில் போவது 300 மி.கி. சரியாக இரண்டு மடங்கு.

ஒரு தடவை இரண்டு மடங்கு போய்விட்டால் உடனே ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். பிரச்சினை, அதே அளவு நாளுக்கு நாலு வேளை, இரண்டு மூன்று நாள் தொடரும்போது. அளவு மீறிய பாராசிட்டமால் தாக்குவது கல்லீரலை. முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். “நல்லாத்தானே விளையாடுது” என்பதை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

ஆகவே சீட்டில் 3-க்குப் பக்கத்தில் 250 என்ற எண்ணும் வர வேண்டும். மாமியாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராவிட்டாலும் லேபிளில் இருக்கும் எண்ணைப் பார்க்க முடியும். ‘பாட்டில்ல 250-ன்னு போட்டிருந்தாதான் 3 மி.லி. வேற எண் இருந்தா குடுக்காதீங்க, ஃபோட்டோ அனுப்புங்க.’ இந்த ஒரு வரி போதும். மாமனார் கடைக்குப் போகும்போது காலி பாட்டிலையே கையில் எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

எந்த ஸ்பூன்?

சீட்டின் அடுத்த வரியில் ‘5’ என்று மட்டும் இருக்கிறது. 5 என்ன? மி.லி.யா, சொட்டா? சமையலறை ஸ்பூனில் ஊற்றினால் அளவு ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். பாயசம் சாப்பிடும் ஸ்பூனும் சர்க்கரை டப்பா ஸ்பூனும் ஒன்றில்லை. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு வாங்கி, ஒன்றில் 3 என்ற கோட்டிலும் இன்னொன்றில் 5 என்ற கோட்டிலும் பர்மனென்ட் மார்க்கரால் தடிமனாகக் கோடு போட்டுவிடலாம். முதல் சிரிஞ்சையும் ஜுர மருந்தையும் சிவப்பு ரப்பர் பேண்டால் கட்டலாம், மற்ற ஜோடிக்குப் பச்சை. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது குழந்தை கத்தினாலும், எந்த மருந்தில் 3, எந்த மருந்தில் 5 என்பது மாறாது. மாறினால், ஜுர மருந்து 150-க்குப் பதில் 250 போய்விடும்.

எழுதும் விதத்திலும் ஒரு சின்ன விஷயம். அரை மி.லி.யை ‘.5’ என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ‘0.5’ என்று எழுத வேண்டும். அதே மாதிரி 5-ஐ ‘5.0’ என்று எழுதினால் 50 மாதிரி தெரியும். மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்குச் சொல்லித்தரும் விதி இது. ஃபிரிட்ஜ் கதவுக்கும் பொருந்தும்.

யார் கொடுத்தது, எப்போது?

பகல் 2 மணிக்குக் குழந்தை உடம்பு சுடுகிறது. மாமனார் மருந்து ஊற்றிவிட்டுப் படுக்கிறார். 2.30-க்கு மாமியார் கோயிலிலிருந்து வந்து தொட்டுப் பார்க்கிறார், இன்னும் சுடுகிறது. அவரும் ஊற்றுகிறார். இரண்டு பேருமே செய்தது சீட்டில் எழுதியபடிதான். பாராசிட்டமால் வேலை செய்யவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். இந்த வீட்டு டாக்டர் சொன்னது 6 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது.

‘ஜுரம் வந்தா’ என்பதற்கும் ஓர் எண் வேண்டும். டாக்டர்கள் பொதுவாக ஜுரம் என்று எடுத்துக்கொள்வது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது. சீட்டுக்குக் கீழே மூன்று கட்டம் போட்டு ஒரு பேனாவையும் தொங்கவிட்டால் போதும்: மணி, தெர்மாமீட்டர் எண், கொடுத்தது யார். மருந்தை ஊற்றிய கையோடு எழுத வேண்டும், சாயங்காலம் ஞாபகப்படுத்தி அல்ல. அம்மா ஆபீஸிலிருந்து போன் பண்ணி “குடுத்தீங்களா?” என்று நாலு தடவை கேட்க வேண்டியதும் இருக்காது. நாலு பிள்ளை வளர்த்தவரிடம் மருமகள் அப்படிக் கேட்பது இரண்டு பக்கமும் கஷ்டம்தான்.

ஆன்டிபயாடிக் கதை வேறு. அது ஜுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன நாள் வரை போக வேண்டும். இதை எழுதாவிட்டால், மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் “பாவம், எதுக்கு மருந்து” என்று நிறுத்திவிடுவார்கள். இது பெரும்பாலும் பொடியாக வரும் ட்ரை சிரப். கொதித்து ஆறிய தண்ணீரையோ கூடவே வரும் தண்ணீரையோ கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு பாட்டிலில் உள்ள கோடு வரை திரும்ப ஊற்ற வேண்டும். முதல் தடவையோடு விட்டால் கோட்டுக்குக் கீழே நிற்கும், மருந்து கெட்டியாகிவிடும். கலக்கும் வேலையை முந்தின நாள் ராத்திரி அம்மாவே முடித்து, தேதியை பாட்டில் மேல் எழுதிவிடலாம். பரவலாகக் கொடுக்கப்படும் அமாக்ஸிசிலின் - கிளாவுலனிக் ஆசிட் என்றால், கலந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மேலே தண்ணியும் அடியில் மருந்துமாகப் பிரிந்துவிடும்.

கொடுக்கக் கூடாதது

இருமினால் வீட்டிலிருக்கும் பழைய சளி சிரப்பை எடுப்பது பல தாத்தா பாட்டிகளின் பழக்கம். 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அப்போது மத்திய சுகாதாரத் துறை சொன்னது, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தே தரக்கூடாது என்று. போதாததற்கு சில சளி சிரப்புகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் கொடுத்தால் தெரியாமலே டபுள் டோஸ்.

இன்னொரு மருந்தை யாரும் சீட்டில் எழுதுவதில்லை. மாமனாரின் சுகர் மாத்திரை. சாப்பிட்ட உடனே போட வசதியாக டீப்பாய் மேல் இருக்கும். குழந்தையின் கை எட்டும் உயரம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒன்றரை வயதுக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்க. அதுவும் உடனே அல்ல, பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எல்லாம் சேர்த்து வெள்ளிக்கிழமை காலை ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு இப்படி இருக்கலாம்:

“அத்தை, மாமா, பாப்பா எடை 10 கிலோ.

சிவப்பு: ஜுர மருந்து. பாட்டில்ல 250-ன்னு பாருங்க. சிவப்பு சிரிஞ்ச், 3 மி.லி. 100.4-க்கு மேல இருந்தா மட்டும். அடுத்தது 6 மணி நேரம் கழிச்சுதான், ஒரு நாளைக்கு நாலு வேளைதான். குடுத்ததும் கீழ கட்டத்துல எழுதிடுங்க.

பச்சை: ஆன்டிபயாடிக், ஃபிரிட்ஜ்ல. குலுக்கிட்டு, பச்சை சிரிஞ்ச், 5 மி.லி. காலை 8 மணிக்கு நான் குடுத்துட்டேன். ராத்திரி 8 மணிக்கு நானே வந்து குடுப்பேன், லேட் ஆனா நீங்க சாப்பாட்டோட குடுங்க. ஜுரம் விட்டாலும் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிறுத்த வேண்டாம்.

மூக்குக்கு: உப்புத்தண்ணி டிராப்ஸ், ஒரு பக்கத்துக்கு 2 சொட்டு, பால் குடிக்கிறதுக்கு முன்னாடி.

சளி சிரப் எதுவும் வேண்டாம்.

மருந்து குடிச்ச உடனே வாந்தி எடுத்தா திரும்ப ஊத்தாதீங்க, எனக்கு கால் பண்ணுங்க. எடுக்கலன்னா டாக்டர் நம்பர் பின்னாடி இருக்கு. மூச்சு வாங்கினா, எழுப்பியும் எழுந்திருக்கலன்னா 108.

மாமா, உங்க மாத்திரை டப்பாவை பீரோ மேல வச்சிருக்கேன். உங்களுக்குக் கை எட்டும்.”