கேபிள் எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது?

ஓர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையாமல் 100-லேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுகிறது. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் முன், ஸ்விட்சையே கேட்டுப் பார்க்கலாம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை ஸ்விட்சுகள் பலவற்றின் செம்புக் கேபிள் போர்ட்டுகளில் டிடிஆர் என்ற சோதனை வசதி உண்டு.

போர்ட் ஒவ்வொரு ஒயர் ஜோடியிலும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. ஒயர் அறுந்த இடத்தில் அந்தத் துடிப்பு அப்படியே திரும்பி வரும். ஷார்ட் ஆன இடத்திலிருந்து தலைகீழாகி வரும். கேபிளுக்குள் துடிப்பு ஒரு நானோ விநாடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஓடும். 300 நானோ விநாடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 60 மீட்டர். பழுது 30 மீட்டரில்.

```
test cable-diagnostics tdr interface gi1/0/12
show cable-diagnostics tdr interface gi1/0/12
```

முதல் கட்டளை சோதனையைத் தொடங்கும். சில விநாடி கழித்து இரண்டாவதைக் கொடுத்தால் முடிவு தெரியும். நம் உதாரணத்தில் மூன்று ஜோடிகள் `Normal`. `Pair D` மட்டும் `Open`, 31 மீட்டர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். வேகம் குறைந்த காரணம் இதுதான்.

அடுத்து, கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இப்போது மற்ற மூன்று ஜோடிகளும் `Open` காட்டும். அது பழுதல்ல, கேபிளின் முனை. அவை 46 மீட்டர் என்று காட்டி, `Pair D` அதே 31-இல் நின்றால், அறுந்த இடம் முனைக்கு 15 மீட்டர் முன்னால், சீலிங்குக்கு மேலே இருக்கிறது. நான்குமே 46 என்றால் கோளாறு கடைசி சாக்கெட்டிலோ பிளக்கிலோதான்; மறுபடி கிரிம்ப் செய்தால் போதும். ஓரிரண்டு மீட்டர் என்றால் ஸ்விட்ச் பக்கத்துப் பேட்ச் கார்டை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் தோராயமானவை. சில மீட்டர் முன்பின் ஆகலாம். சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் கணக்கில் சேரும். ஆட்டினால் மட்டும் விட்டுப்போகும் இணைப்பு, சோதிக்கும் நேரத்தில் ஒட்டியிருந்தால் `Normal` என்றே வரும்.

சோதனையின்போது இணைப்பு துண்டிக்கப்படலாம். ஆகவே யாராவது ஐபி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதும், நீங்கள் ஸ்விட்சுக்குள் நுழைந்திருக்கும் அதே அப்லிங்க் போர்ட்டிலும் இதை ஓட்டாதீர்கள். புதிதாகக் கேபிள் இழுத்ததும் மறுமுனையைத் திறந்து வைத்துச் சோதித்து, நான்கு ஜோடிகளின் நீளத்தையும் போர்ட் வாரியாகக் குறித்து வையுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட அந்தக் கணக்கு வேண்டும்.