புயலுக்கு முந்தைய நாள் தண்ணீர்க் கணக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்ததால் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் ஜனங்களை இருட்டைவிட அதிகமாக வாட்டியது தண்ணீர்தான்.

கொல்லிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எருமப்பட்டியிலும் கரண்ட் போனால் போர்வெல் மோட்டார் நிற்கும். ஆனால் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரை இழுத்துவந்தால் அன்றைய பாடு தீர்ந்துவிடும். வேதாரண்யத்தில் அப்படி முடியாது. அங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் நெடுந்தூரம் வருகிறது. நடுவில் ஒரு நீரேற்று நிலையம் நின்றாலே போதும், கடைக்கோடி ஊரில் குழாய் காய்ந்துவிடும். அதனால் கடலோரத்துக் குடும்பம் தண்ணீரைப் புயலுக்கு முன்பே பிடித்து வைத்தாக வேண்டும்.

எவ்வளவு? நான்கு பேர், ஏழு நாள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 140 லிட்டர். பாத்திரம் கழுவ, கைகால் கழுவ, கழிப்பறைக்கு ஆளுக்கு 10 லிட்டர் என்றால் 280. ஆக 420 லிட்டர். மாடியிலிருக்கும் 1000 லிட்டர் தொட்டியில் பாதிகூட இல்லை. பிறகு ஏன் மூன்றாம் நாளே தொட்டி காலியாகிறது? ஃப்ளஷ்தான் காரணம். ஒரு தடவை இழுத்தால் 8 லிட்டர் போகும். நான்கு பேர் ஆளுக்கு ஐந்து தடவை இழுத்தால் ஒரே நாளில் 160 லிட்டர். குளியலும் துணி துவைப்பதும் வழக்கம்போல நடந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே தொட்டியை நிரப்பியதும் கீழே இறங்கும் வால்வை மூடிவிட்டு, வேண்டிய நீரை வாளியில் பிடித்துச் செலவழியுங்கள். கழிப்பறைக்கும் வேண்டிய அளவு மட்டும் வாளியிலிருந்து ஊற்றினாலே போதும். குடிக்க வேண்டிய 140 லிட்டரை ஏழு 20 லிட்டர் கேன்களில் தனியே வைத்துவிட வேண்டும். நிரம்பிய தொட்டிக்கு இன்னொரு லாபமும் உண்டு: அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல், சுலபத்தில் அசையாது. காலித் தொட்டியைக் காற்று பக்கத்துத் தெருவில் போட்டுவிடும்.

தெளிந்த நீராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி போதும். ஒரு குவளை நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். அதன்பின் லேசான குளோரின் வாடை இருந்தால் சரி. வாடையே இல்லையென்றால் பவுடர் பழசாகி வீரியம் போயிருக்கும், அல்லது நீரிலுள்ள அழுக்கு குளோரினைத் தின்றிருக்கும். கடல் நீர் புகுந்த கிணற்றுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. காய்ச்சினாலும் ஆவி போய் உப்பு மிஞ்சும்.

அடுத்து எரிபொருள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். கிளம்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். அதனால் சிறிய ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். 3 கேவிஏ அளவாவது வேண்டும். வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண் செலவு என்பேன். நல்ல நீருள்ள போர்வெல் இருக்கும் ஊரானால், தெருவுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் வைத்து வரிசையாகத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டால் பெட்ரோலும் மிச்சம். பெட்ரோல் பங்கிலும் பம்பு கரண்டில்தான் ஓடுகிறது என்பதால் வேண்டியதை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

உணவையும் தண்ணீரை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கிலோ அரிசியைக் களைய, வேகவைக்க, பிறகு பானை கழுவ என்று தண்ணீர் கரைந்துகொண்டே போகும். அவலுக்கு நனையும் அளவு போதும், அடுப்பும் வேண்டாம். காலைக்கு ஆளுக்கு 150 கிராம் அவல் என்றால் நான்கு பேருக்கு ஏழு நாளுக்கு 4.2 கிலோ. கூடவே வெல்லம், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை. ஒரு வேளைக்குச் சோறு போதும். ஊறுகாயும் அப்பளமும் தாகத்தைக் கூட்டும், அளவாக வையுங்கள். எங்கள் நாமக்கல் முட்டை இங்கே கைகொடுக்கும்: கழுவாத புது முட்டை ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஒரு வாரம் தாங்கும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; மிதப்பதை எறிந்துவிடுங்கள்.

காற்று வலுக்கத் தொடங்கியதும் அறுந்த கம்பியால் உயிர்ச்சேதம் வரக்கூடாதென்று மின்வாரியமே இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே புயல் கரையேறும் நாள்வரை காத்திருக்காதீர்கள். வானிலை மையம் எச்சரிக்கை விட்ட அன்றே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, வால்வை மூடிவிடுங்கள்.