நடு பழசு, ஓரம் புதுசு

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பைக்கில் இரண்டு டயரையும் புதிதாக மாற்றிப் பத்து நாள் கழித்து அந்தச் சாலையில் ஏறினேன். “முதல் 200 கிலோமீட்டர் பார்த்துப் போங்கண்ணா” என்று டயர் கடைத் தம்பி சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளில் மூன்று முறை சேலம் போய்வந்ததில் 300 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கணக்கு முடிந்தது என்ற தைரியத்தில் வழக்கம்போல ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தேன். பின்சக்கரம் சட்டென்று வெளிப்பக்கம் நழுவி, மறுபடி பிடித்துக்கொண்டது. ரோட்டில் மணலும் இல்லை, ஈரமும் இல்லை.

ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. டயரின் நடுப்பகுதி மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. இரு ஓரங்களும் கடையில் வாங்கிய நாளைப் போலவே மினுமினுத்தன. புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் முடிகள்கூட அங்கே உதிரவில்லை. நான்குவழிச் சாலையில் நேராகவே ஓட்டிய 300 கிலோமீட்டரும் நடுப்பகுதிக்கு மட்டுமே சேர்ந்திருந்தது. வண்டியைச் சாய்த்ததும் ரோட்டைத் தொட்டது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ரப்பர்.

அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? ரப்பர், நூலிழை, கம்பி எல்லாம் அடுக்கிக் கட்டிய டயரை உலோக அச்சுக்குள் வைத்து, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுத்தி வேகவைக்கிறார்கள். ரப்பரோடு கலந்த கந்தகம் அந்தச் சூட்டில்தான் அதை இறுக்கி உறுதியாக்குகிறது. அச்சில் ஒட்டாமல் டயர் கழன்று வருவதற்காக வழுக்கும் பொருள் ஒன்றைப் பூசும் வழக்கம் உண்டு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, அதே வேலைதான். இந்தப் பூச்சைக் குறைத்துவிட்ட தொழிற்சாலைகளும் உண்டு. ஆனால் பூச்சு போனாலும் அச்சின் வழவழப்பு போகாது. பளபளப்பான உலோகச் சுவரில் அழுந்தி வெந்ததால், டயரின் மேல்தோல் அதே பளபளப்போடு வெளியே வருகிறது. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் வெடிக்காமலிருக்கக் கலக்கும் மெழுகும் மெல்ல மேலே கசிந்து படர்கிறது.

ரோடு பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும், தொட்டால் சொரசொரப்பு. இளகிய ரப்பர் அந்தச் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்வதால்தான் நமக்குப் பிடிமானம். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். அந்த இடத்தில் வழவழத் தோல் இருந்தால் பற்று குறைகிறது. ரோட்டில் உராய்ந்து தோல் தேய்ந்ததும் உள்ளிருக்கும் ரப்பர் வெளிப்பட்டு, அதன் முழுப் பிடிமானம் கிடைக்கிறது. எனவே டயரைப் பழக்குவது என்பது இந்தத் தோலை முழு அகலத்துக்கும் பதமாகத் தேய்த்து எடுப்பதுதான்.

புது டயரில் வண்டி ஆடுவதுபோல் தோன்றுவதெல்லாம் வழுக்கல் அல்ல. பழைய டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். புதியது நன்றாக உருண்டிருப்பதால், கொஞ்சம் சாய்த்தாலே வண்டி சட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். மேலும் புது டயரின் கட்டைகள் உயரமானவை, அதனால் பாரம் ஏறும்போது லேசாக நெளியும். இந்த இரண்டும் நம் கைக்குப் பழகினால் சரியாகிவிடும். மேல்தோல் மட்டும் தேய்ந்தால்தான் போகும்.

மோட்டார் சைக்கிள் டயருக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் வரை பழக்கச் சொல்வது வழக்கம். அந்த தூரத்தை எப்படி ஓட்டுவது? முதலில் காற்று. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது பார்த்து அடைக்க வேண்டும். பிடிமானம் கூடும் என்று காற்றைக் குறைப்பது தவறு. முதல் 50 கிலோமீட்டர் ஈரமில்லாத ரோட்டில், ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறந்து ஓட்டுங்கள். பிரேக்கை முன்கூட்டியே தொட்டு, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முன்னே போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

அதன்பிறகு வளைவுகளைத் தேடிப்போக வேண்டும். அகலமான, நன்றாகத் தெரியும் வளைவில் ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாயுங்கள். நடுவிலிருந்து மங்கல் விரல் விரலாக ஓரம் நோக்கிப் பரவும். தேய்ந்த பகுதிக்கு அடுத்த ஒரு விரற்கடைதான் அன்றைய எல்லை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ரவுண்டானாவை நாம் வலப்பக்கம் சாய்ந்தே சுற்றுகிறோம். அங்கே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் டயரின் வலது ஓரம்தான் தேயும். இடது ஓரத்துக்கு இடப்பக்கம் வளையும் சாலை தனியே வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தயாரான டயர், மலைப்பாதையில் அடுத்தடுத்து மாறி வரும் வளைவுகளில் ஆளை ஏமாற்றும்.

குறுக்குவழி தேடுபவர்கள் பெட்ரோல் போட்டுத் துடைப்பார்கள். அது ரப்பரையே கெடுக்கும். நேர்ச் சாலையில் பாம்புபோல வளைந்து ஓட்டினால் சூடேறும் என்பார்கள். அதில் பெரிய சூடு ஏறுவதில்லை, நெரிசலில் ஆபத்துதான் ஏறுகிறது. இவற்றைவிட மோசம், டயர் பாலிஷைத் தரையில் படும் பகுதியிலும் தடவுவது. போக்க நினைக்கும் வழுக்கலை நாமே காசு கொடுத்துப் பூசுகிறோம்.

டயரை ரிம்மில் ஏற்றும்போது தடவும் சோப்புத் தண்ணீரையும் மறக்கக்கூடாது. அது காய்வதற்குள் திடீரென்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் ரிம் மட்டும் சுழன்று, டயர் பின்தங்கலாம். காற்று வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். கோடு வால்வை விட்டு விலகியிருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது. கடைக்குப் போய்ச் சரிபார்ப்பது நல்லது.

கார் சாய்வதில்லை. அதன் டயர் முழு அகலத்துக்கும் ரோட்டைத் தொடுவதால், 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினாலே போதும். மழை பெய்தால் மட்டும் இடைவெளியை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். பைக்குக்கு அப்படி ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது.

அன்று பாதி மலையிலிருந்து திரும்பினேன். அடுத்த இரண்டு வாரம் அகலமான வளைவுகளாகப் பார்த்து, இரு பக்கமும் ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியதும் டயரைக் குனிந்து பார்ப்பேன். மங்கல் இரு ஓரத்தையும் நெருங்கி, கடைசி வரிசை ரப்பர் முடி உதிர்ந்த பிறகுதான் மறுபடி காரவள்ளிக்குப் போனேன். அப்போது மீட்டர் காட்டிய எண்ணை நான் குறித்துக்கொள்ளவில்லை.