ஆறு ஏர்பேக், மூன்று நட்சத்திரம்

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "எத்தனை ஏர்பேக்?" குளோபல் என்கேப் சோதித்த இரண்டு கார்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி மட்டும் போதாது என்று தெரிந்துவிடும். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் இரண்டே ஏர்பேக்குடன், பெரியவர்களின் பாதுகாப்பில் 17க்கு 16.06 மதிப்பெண்ணும் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. 2022இல் ஆறு ஏர்பேக்குடன் வந்த கியா கேரன்ஸுக்குக் கிடைத்தது 9.30, மூன்று நட்சத்திரம்.

மதிப்பெண்ணைத் தீர்மானித்த சோதனையில், கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் பக்கமாக, முன்பகுதியின் 40 சதவீதம் மட்டும் படும்படி ஒரு தடுப்பில் மோதும். அப்போது முக்கியமாக உதவுவது முன்னால் உள்ள இரண்டு ஏர்பேக்குகள்தான். மற்ற நான்கும் பக்கவாட்டு மோதலுக்கானவை. ஆக, முன்மோதலில் வித்தியாசம் காட்டுவது பெரும்பாலும் கூடுதான். ஆட்கள் உட்காரும் கூடு நசுங்கினால் ஸ்டியரிங்கும் பெடல்களும் ஓட்டுநரை நெருங்கி வரும். ஏர்பேக் விரிய வேண்டிய இடமே குறைந்துபோகும். சோதனை அறிக்கையில் கூடு நிலையானதா, நிலையற்றதா என்று எழுதியிருப்பார்கள். கேரன்ஸுக்கு எழுதப்பட்டது, நிலையற்றது. நான் முதலில் தேடிப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்து, நட்சத்திரம் எந்த ஆண்டில் கிடைத்தது என்று பாருங்கள். 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கியது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பும் அதே வழியில் போகிறது. காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிடும் சோதனையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இல்லாத காருக்கு இப்போது உயர்ந்த நட்சத்திரம் கிடையாது. எனவே 2018இன் ஐந்தையும் இன்றைய ஐந்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. எடையில் மிகவும் வேறுபடும் கார்களின் நட்சத்திரங்களையும் ஒப்பிட வேண்டாம். முன்மோதல் சோதனை, ஏறக்குறைய சம எடையுள்ள இன்னொரு காருடன் மோதுவதைப் போன்றது.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால், 49க்குத் தனியாகத் தரப்படும் குழந்தைப் பாதுகாப்பு மதிப்பெண்ணையும் பாருங்கள். 2024இல் மாருதி டிசையர் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றும், குழந்தைகளுக்கு 39.20 மதிப்பெண்ணுடன் நான்கில் நின்றது. பின்னோக்கி உட்காரவைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் அணைக்கப்படாத முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், மோதலே நடக்காமல் தடுக்க முயல்வது. ஈரச் சாலையில் சட்டென்று திருப்பும்போது கார் ஸ்டியரிங் சொல்லும் பக்கம் போகாமல் வழுக்கினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டுக் காரை நேர்ப்படுத்தும். ஆனால் தேய்ந்த டயருக்கும் அளவு மீறிய வேகத்துக்கும் அதனிடம் மருந்தில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இதன் பெயர் மாறும். அதனால் நீங்கள் புக் செய்யும் வேரியன்ட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் சாவியைத் திருப்பியதும், வளைந்த தடங்களுடன் ஒரு குட்டிக் கார் விளக்கு டாஷ்போர்டில் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும்.