கோணம் பிறகு, நிற்குமிடம் முதலில்

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றை வீடியோ எடுக்கப் போகிறவர் முகப்பிலேயே திணறிப்போவார். மேலே பர்மாத் தேக்கில் இழைத்த கூரை, காலடியில் ஆத்தங்குடிக் கல், எதிரே சிற்பம் நிறைந்த நிலைக்கதவு, அதற்கு அப்பால் வளவின் வெளிச்சம். சாதாரணக் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மற்றவை விட்டுப்போகும். இப்படிப்பட்ட வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் 360 டிகிரி கேமராவை நாடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே படப்பிடிப்பில் இரண்டு சரக்கு கிடைத்துவிடுகிறது. பார்க்கிறவரே விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மெய்நிகர் உலா ஒன்று. அதே பதிவிலிருந்து வெட்டியெடுத்த, ரீல்ஸுக்கும் யூடியூபுக்கும் ஏற்ற சாதாரணத் தட்டை வீடியோ இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ரீஃப்ரேமிங் என்று பெயர்.

‘எல்லாப் பக்கமும் பதிவாகிறது, கோணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பாதி உண்மை. கேமரா பார்க்கும் திசையை எடிட்டிங்கில் மாற்றலாம். கேமரா நின்ற இடத்தை மாற்ற முடியாது.

இந்தக் கேமராவில் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு மீன்கண் லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகவே பார்க்கும். இரண்டு படங்களின் ஓரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் மென்பொருள் அவற்றைச் சேர்த்துத் தைக்கிறது. தூரத்தில் இருப்பவை சுத்தமாகப் பொருந்திவிடும். கிட்டத்தில் இருப்பவைதான் தகராறு செய்யும். மூக்கின் முன்னால் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் தாவுவதைப் போல, இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியால் பக்கத்துப் பொருள் இரண்டு லென்ஸுக்கும் இரண்டு இடத்தில் தெரிகிறது. இணைப்புக் கோட்டில் அது முறிந்தோ, பாதி காணாமலோ போய்விடும். கேமராவைத் தாங்கும் கம்பி படத்தில் தெரியாமல் மறைவதற்கும் இதே அமைப்புதான் காரணம். கம்பி இரண்டு லென்ஸ்களின் பார்வைக்கும் எட்டாத அந்த மெல்லிய இடுக்கில் நிற்கிறது.

ஆகவே கேமராவின் இரு விலாப்புறங்களிலும் ஒரு மீட்டருக்குள் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. செட்டிநாட்டு வீட்டில் இது லேசுப்பட்ட காரியமல்ல. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாகத் தூண்கள். ஒரு லென்ஸ் முன்னே பார்க்க, இன்னொன்று பின்னே பார்க்க நடந்தால் ஒவ்வொரு தூணும் இணைப்புக் கோட்டின் வழியாகவே கடந்து போகும். தூணை ஒட்டி நடந்தால் அது இடுப்பொடிந்ததுபோல் வளைந்து நிமிரும். தவறைக் கண்டுபிடிக்கத் தரையைப் பார்த்தால் போதும். ஆத்தங்குடிக் கல்லின் கட்டமும் கோடும் நேராக ஓட வேண்டியவை. பிசகு இருந்தால் பூ வேலைப்பாடு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். சுவருக்கும் தூணுக்கும் நட்டநடுவே நடப்பது ஒரு வழி. திறந்த முற்றத்தின் நடுவிலேயே கேமராவை நிறுத்திவிடுவது அதைவிட நல்ல வழி.

நிலைவாசலுக்கு இந்த உபாயமும் பலிக்காது. வாசலைக் கடக்கும் கணத்தில் இரண்டு நிலைக்கால்களும் இணைப்புக் கோட்டின் மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். தட்டை வீடியோவுக்கு இதனால் மோசமில்லை. அந்த நேரத்தில் பார்வையை நேர் முன்னே வைத்துவிட்டால் இணைப்புக் கோடு சட்டகத்துக்குள் வராது. மெய்நிகர் உலாவில் அப்படி முடியாது, பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? எனவே உலாவுக்கு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, மாடி என்று ஒவ்வோர் இடத்திலும் கேமராவைத் தனித்தனியாக நிறுத்தி எடுக்கிறார்கள். வாசலின் மேல் ஒரு குறியை வைத்துவிட்டால், அதைத் தொட்டதும் அடுத்த அறை வந்துவிடும்.

உயரம் கண் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டரில் இருக்கட்டும். அகலக் கால் விரிக்கும் முக்காலி வேண்டாம், காலடியில் பெரிதாகத் தெரியும். ஒல்லியான ஒற்றைக்கால் தாங்கிதான் இதற்குத் தோது. படமெடுப்பவர் நிற்பதற்குக் கேமராவின் ‘பின்பக்கம்’ என்று ஒன்று இல்லை. அடுத்த அறைக்குப் போய், கைப்பேசி வழியாகத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். போகும் முன் அறையிலுள்ள நிலைக்கண்ணாடியையும், கண்ணாடிச் சட்டம் போட்ட தாத்தா படங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒளிந்து நிற்பவரை அவை காட்டிக்கொடுக்கும்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். உச்சி வெயிலில் முற்றம் தகிக்கும், தாழ்வாரம் இருண்டு கிடக்கும். இரண்டும் எப்போதும் ஒரே படத்தில் இருப்பதால் ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். முற்றத்தில் நேர்வெயில் விழாத காலையோ மாலையோ, மேகமூட்டமான பொழுதோ பார்த்து எடுப்பதே இதற்கு மருந்து. எக்ஸ்போஷரைத் தானியங்கியில் விட்டால் நடக்க நடக்கப் படம் வெளுத்தும் கறுத்தும் மாறும். அதனால் ஒவ்வோர் அறைக்கும் கையால் அமைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் குழல்விளக்கின் மினுக்கல் படத்தில் ஏறாது.

நடந்துகொண்டே எடுக்கும்போது இந்த இரண்டில் 1/100தான் சரி. கேமராவின் ஆட்டத்தை உள்ளிருக்கும் கைரோ உணரி அளந்து வைத்து, மென்பொருள் பிறகு அதை நேராக்கிவிடும். ஆனால் ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் படத்தில் விழுந்த இழுவையை அதனால் துடைக்க முடியாது. இருட்டறையில் மெதுவான ஷட்டரில் நடந்தால் சட்டகம் ஆடாமல் மிதந்து போகும். படம் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் மங்கி மங்கித் தெளியும். அதைக் கேமராவின் சின்னத் திரையில் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த இடத்திலேயே பதிவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது உத்தமம்.

இனி எடிட்டிங் மேசை. தைத்து முடித்த 360 வீடியோ, உலக வரைபடத்தைப் போல அகலம் உயரத்தைவிட இரு மடங்காக விரிந்து கிடக்கும். இங்கேதான் கேமரா பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் ஏமாற்றுகிறது. 5.7கே கேமராவின் படம் 5,760 பிக்சல் அகலம். அது 360 டிகிரிக்கும் பங்கிடப்படுவதால் ஒரு டிகிரிக்கு 16 பிக்சல்தான். அதில் 90 டிகிரி அகலப் பார்வையை வெட்டியெடுத்தால் 1,440 பிக்சல் கிடைக்கும். முழு எச்டி வீடியோவுக்கே 1,920 வேண்டும். 8கே கேமராவின் 7,680 பிக்சலில் அதே 90 டிகிரி வெட்டு சரியாக 1,920 தருகிறது. அதாவது 8கே என்று வாங்கியது, தட்டையாக்கியதும் சாதாரண எச்டி ஆகிறது. அதையும் 60 டிகிரிக்குக் குறுக்கி நெருங்கிப் பார்த்தால் மிஞ்சுவது 1,280 மட்டுமே. படம் வெளிறிக் குழையும்.

மென்பொருளில் திசை, சாய்வு, பார்வை அகலம் என மூன்றைக் கட்டுப்படுத்த முடியும். குறிப்பிட்ட நொடியில் இம்மூன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று குறித்து வைப்பதைக் கீஃப்ரேம் என்பார்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே மென்பொருளே பார்வையை நகர்த்திக்கொள்ளும். வளவுக்குள் நுழையும் 20 நொடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 5 நொடி முன்னேயே பார்வை, அகலம் 90 டிகிரி, சாய்வு பூஜ்யம். அடுத்த 5 நொடியில் வலப்புறத் தூண் வரிசைக்கு மெல்லத் திரும்புதல். 4 நொடி அங்கேயே நிற்றல். பிறகு 6 நொடியில் வந்த வழியை நோக்கி முழுதாகத் திரும்பினால் முகப்பின் வாசல் சட்டகமிட்டாற்போல் நிற்கும். உண்மையில் அந்த நேரம் முழுவதும் கேமரா ஒரே சீராக முன்னேதான் போய்க்கொண்டிருந்தது.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. கூரையைக் காட்டும் ஆசையில் பார்வையை மேலே சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். கட்டடம் நேராக நிற்க வேண்டுமென்றால் சாய்வைப் பூஜ்யத்தில் விட்டு, சட்டகத்தைச் செங்குத்தாக மாற்றுவது மேல். பார்வை அகலத்தை வெகுவாகக் கூட்டினால் ஓரங்கள் இழுபட்டு, சின்ன அறை மண்டபம்போல் தெரியும். வந்து இறங்கும் விருந்தினர் முகம் சுளிப்பார். மூன்றாவது, திசை எண்ணில் ஒளிந்திருக்கிறது. 170 டிகிரியிலிருந்து மைனஸ் 170 டிகிரிக்குப் போக 20 டிகிரி திரும்பினால் போதும். சில மென்பொருள்கள் அதை எண் கணக்காக எடுத்துக்கொண்டு, மறுபக்கமாக 340 டிகிரி கிறுகிறுவென்று சுழற்றிவிடும். அப்படிச் சுழன்றால் இரண்டாவது குறியில் 190 என்று எழுதினால் சரியாகிவிடும்.

கேமராவோடு வரும் இலவச மென்பொருள்களிலேயே இதையெல்லாம் செய்துவிடலாம். ஒரே திசையை மட்டும் வெட்டியெடுத்தால் போதும் என்பவருக்கு, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் ஒற்றை வரி போதும். முன்னதாகவே தைத்து முடித்த கோப்பில், வலப்புறம் 30 டிகிரி திரும்பிய பார்வைக்கு:

```
ffmpeg -i veedu.mp4 -vf "v360=e:flat:yaw=30:h_fov=90:v_fov=58.7:w=1920:h=1080" thattai.mp4
```

உலாவுக்கான 360 கோப்பை வேறு மென்பொருளில் வெட்டி ஒட்டியிருந்தால் இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. ‘இது கோள வீடியோ’ என்று சொல்லும் மறைகுறிப்பு அதில் அழிந்திருக்கலாம். அழிந்திருந்தால் யூடியூபில் ஏற்றியதும் வீடு வரைபடம்போல் விரிந்து கிடக்கும், கூரை மேல்விளிம்பு முழுக்க ஈஷியிருக்கும், விரலால் இழுத்தாலும் அசையாது. கூகுள் இலவசமாகத் தரும் ஸ்பேஷியல் மீடியா மெட்டாடேட்டா இஞ்செக்டர் அந்தக் குறிப்பைத் திரும்ப எழுதித் தரும்.

நிலைக்கதவின் மரச்செதுக்கலுக்கு மட்டும் இந்தக் கேமரா உதவாது. கிட்டே போனால் இணைப்பு பிசகும், தள்ளி நின்றால் ஒரு டிகிரிக்கு 20 சொச்சம் பிக்சலில் செதுக்கலின் முகமெல்லாம் கரைந்துவிடும். அந்தச் சில காட்சிகளைச் சாதாரணக் கேமராவிலோ நல்ல கைப்பேசியிலோ தனியாக எடுத்துத் தட்டை வீடியோவில் இடையிடையே சேர்ப்பதும், உலாவில் கதவின் மேல் குறி வைத்து ஒளிப்படமாகத் திறக்கச் செய்வதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் வழக்கம்.