தாய்லாந்தில் சைவம்: மஞ்சள் கொடியைத் தேடுங்கள்

பாங்காக்கின் தெருவோரக் கடையில் பாத் தாய் எப்படித் தயாராகிறது என்று இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும், அந்த நாட்டில் சைவம் சாப்பிடுவதில் எங்கே சிக்கல் என்பது விளங்கிவிடும். சூடான இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, கூனி இறால், டோஃபு, முட்டை, ஊறிய அரிசி நூடுல்ஸ் என்று வரிசையாகப் போடுவார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் பாட்டிலிலிருந்து பழுப்பு நிறச் சாறு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். கடைசியில் முளைகட்டிய பயறும் பொடித்த வேர்க்கடலையும். "இறைச்சி வேண்டாம், இறால் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் கடைக்காரர் சிரித்த முகத்தோடு இரண்டையும் தவிர்த்துவிடுவார். ஆனால் அந்தப் பழுப்புச் சாறு காலையிலேயே கலந்து வைத்தது. புளியும் வெல்லமும் மீன் சாஸும் சேர்ந்தது. அதிலிருந்து மீனை மட்டும் பிரித்தெடுக்க அவராலும் முடியாது.

தாய்லாந்துச் சமையலில் அசைவம் துண்டாக இருப்பதைவிடக் கரைந்து இருப்பதுதான் அதிகம். 'நாம் ப்ளா' என்னும் மீன் சாஸ்தான் அங்கே உப்பின் இடத்தில் நிற்கிறது. பச்சைக் கறி, சிவப்புக் கறி எதுவானாலும் அதன் மசாலா விழுதில் பெரும்பாலும் 'கபி' என்ற இறால் விழுது அரைபட்டிருக்கும். வெறும் கீரை வதக்கலில்கூட ஆய்ஸ்டர் சாஸ் விழும். காய்கறி நூடுல்ஸ் சூப் கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் கொதிக்கிற நீர் பன்றி எலும்பில் எடுத்ததாக இருக்கலாம். பப்பாளிக்காயை இடிக்கும் 'சோம் தாம்' சாலட்டுக்கு ஒரே உரல்தான். உங்களுக்கு முன்னால் வந்தவருக்கு அதில் கூனியும் ஊறவைத்த நண்டும் இடித்திருப்பார்கள்.

பௌத்த நாடுதானே, சைவம் தாராளமாகக் கிடைக்கும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டு போகிறோம். தாய்லாந்தில் இருப்பது தேரவாத பௌத்தம். அங்கே பிக்குகள் காலையில் பாத்திரம் ஏந்தி வரும்போது மக்கள் இடுவதை உண்பார்கள், அதில் இறைச்சியும் உண்டு. ஆகவே சாதாரணத் தாய்லாந்துக்காரருக்குச் சைவம் என்பது அன்றாட வழக்கம் அல்ல. 'மங்சவிரத்' என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை நீக்குவார்கள். முட்டை இருக்கும், மீன் சாஸும் பல இடங்களில் இருக்கும். அவர்கள் நம்மை ஏமாற்றுவதாக நினைக்க வேண்டியதில்லை. அவர்கள் கணக்கில் அது உப்பு, அவ்வளவுதான்.

இதற்கு உண்மையான தீர்வு சீனக் குடியேறிகள் கொண்டுவந்த 'ஜே' உணவு. இதில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். பூண்டு, வெங்காயம், அவற்றின் இனத்தைச் சேர்ந்த தழைகளும் கிடையாது, ஆகவே வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டாருக்கும் இது பொருந்தும். கிழங்குகள் தாராளமாக உண்டு என்பதைச் சமணர்கள் நினைவில் வைக்க வேண்டும். கடையை அடையாளம் காண்பது எளிது. மஞ்சள் நிறக் கொடியிலோ பலகையிலோ சிவப்பில் ஒரு தாய் எழுத்து இருக்கும். மொழி தெரியாத கண்ணுக்கு அது 17 என்ற எண்ணைப் போலவே தெரியும். பல்பொருள் அங்காடிகளில் பொட்டலங்களின் மேலும் இதே குறியைப் பார்க்கலாம்.

ஜே கடை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். முன்னால் தட்டுத்தட்டாகக் கறிகள் வைத்திருப்பார்கள், விரலால் காட்டினால் சோற்றின் மேல் இரண்டு மூன்று வகை வைத்துக் கொடுப்பார்கள். "கின் ஜே" என்று சொன்னால் 'ஜே சாப்பிடுகிறேன்' என்று புரிந்துகொள்வார்கள். பல கடைகள் காலையில் தொடங்கிப் பிற்பகலிலேயே மூடிவிடும், எனவே மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்வது நல்லது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் 9 நாள் ஜே திருவிழா வருகிறது. அப்போது பாங்காக்கின் யாவராத் பகுதியிலும் புக்கெட்டிலும் தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். பல ஆண்டுகளில் இது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருகிறது. சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் நவராத்திரி பெரிய விழா என்பதால், சைவ உணவுக்காரர்கள் பாங்காக் போக அதைவிட நல்ல காலம் இல்லை.

இஸ்லாமியப் பயணிகளுக்கும் சிக்கல் அதே சட்டியில்தான் இருக்கிறது. "பன்றி வேண்டாம்" என்று சொல்லிக் கோழி வாங்கினால், அது ஹலால் முறையில் அறுத்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வெட்டும் பலகையும் பொரிக்கும் எண்ணெயும் வேறா என்பதும் தெரியாது. தாய்லாந்து மத்திய இஸ்லாமிய கவுன்சில் தரும் ஹலால் முத்திரையைப் பொட்டலங்களிலும் சில உணவகங்களிலும் காணலாம். சிறு கடைகளில் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிறையும் அரபு எழுத்தும் கொண்ட பலகை இருக்கும், நடத்துபவர்களே முஸ்லிம்களாக இருப்பார்கள். பாங்காக்கில் சாரோன் குருங் பகுதியில் ஹாரூன் பள்ளிவாசலைச் சுற்றியும், சுகும்வித் மூன்றாம் சந்தின் அரபுத் தெருவிலும் தேடினால் கிடைக்கும். சைவரும் முஸ்லிமும் சேர்ந்து போகும் குழுவுக்கு ஜே கடை ஒரு நல்ல பொது இடம். ஆனால் முத்திரை இருந்தால்தான் சாப்பிடுவேன் என்பவர்களுக்கு அது போதாது.

ஒவ்வாமை உள்ளவர்களின் நிலைதான் இவை எல்லாவற்றிலும் கடினம். இங்கே கேள்வி மன நிறைவைப் பற்றியது அல்ல, மூச்சைப் பற்றியது. இறால் ஒவ்வாதவருக்குக் கறி விழுதே ஆபத்து. வேர்க்கடலை ஒவ்வாதவர் பாத் தாய் செய்யும் சட்டி, அந்தக் கரண்டி, சோம் தாம் உரல், மசமன் கறி, சாத்தேக்குத் தரும் சட்னி ஆகிய எல்லாவற்றையும் விட்டு விலக வேண்டும். ஜே பலகை இவர்களுக்குப் பாதுகாப்பு அல்ல. ஜே சமையலில் வேர்க்கடலை உண்டு. இறைச்சி போலச் செய்யும் துண்டுகள் பெரும்பாலும் கோதுமைப் புரதமும் சோயாவும் என்பதால் அவை ஒவ்வாதவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வாயால் சொல்வதை இவர்கள் நம்பக் கூடாது. தாய் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேட்டுத் தாய் எழுத்திலேயே ஒரு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வேர்க்கடலை பிடிக்காது" என்று எழுதினால் மேலே தூவியதை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். "சிறிதளவு பட்டாலும் மூச்சு நின்றுவிடும், மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும், சட்டியையும் கரண்டியையும் கழுவிச் செய்ய முடியுமா?" என்று எழுதி வாங்குங்கள். அட்டையைக் காட்டியதும் கடைக்காரர் யோசிக்காமல் தலையாட்டினால் அங்கே சாப்பிட வேண்டாம். "இங்கே முடியாது" என்று சொல்பவர்தான் நீங்கள் எழுதியதைப் படித்தவர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை பாருங்கள்.

விமானத்திலும் பெயரை நம்பிப் பதிவு செய்துவிடாதீர்கள். பயணச்சீட்டுப் பக்கத்தில் HNML என்று வரும் இந்து உணவில் மாட்டிறைச்சி இருக்காதே தவிர, கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். நம் ஊர்ப் பாணி சைவத்துக்கு AVML, சமண உணவுக்கு VJML, முஸ்லிம் உணவுக்கு MOML என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவாகப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்க வேண்டும், சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே கேட்கும்.

கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்தையும் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம். தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் எண் 1669. அதை உங்கள் கைப்பேசியில் மட்டுமல்ல, உடன் வருபவர் கைப்பேசியிலும் புறப்படும் முன்பே பதிந்துவிடுங்கள்.