படத்தில் மட்டும் ஏன் கட்டங்கள்?

கிராஃபனா டாஷ்போர்டில் ‘மழையளவு’ என்ற தலைப்பு திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. அதே டாஷ்போர்டு தினமும் காலையில் தானாகப் படமாகி மின்னஞ்சலில் வரும்போது, அந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள்தான் வரிசையாக நிற்கின்றன.

திரையில் எழுத்தை வரைவது உங்கள் கணினி. அதில் தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஏற்றுமதிப் படத்தை வரைவதோ, சர்வரில் திரையில்லாமல் ஓடும் குரோமியம் உலாவி. அந்தச் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால், எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்களைப் போட்டுவிடும். தரவு கெடவில்லை என்பதற்குக் கட்டங்களே அடையாளம். கேள்விக்குறிகள் வந்தால்தான் கோளாறு குறியாக்கத்தில். அதற்கு எழுத்துரு மருந்தல்ல.

சர்வரில் இதைக் கேளுங்கள்:

```
fc-list :lang=ta
```

பதில் எதுவும் வராவிட்டால் தமிழ் எழுத்துரு இல்லை. டெபியன், உபுண்டு வகைகளில் இது போதும்:

```
apt-get update && apt-get install -y fonts-noto-core
```

நோட்டோ சான்ஸ் தமிழ் இதில் அடங்கும். பிறகு படம் வரையும் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

பலர் தடுக்கிவிழும் இடம் டாக்கர். வெளியே உள்ள கணினியில் எழுத்துருவை நிறுவினால் கண்டெய்னருக்குள் அது தெரியாது. ஓடும் கண்டெய்னருக்குள் நிறுவினால் இன்றைக்குச் சரியாகும். அடுத்த முறை அதைப் புதிதாக உருவாக்கும்போது கட்டங்கள் திரும்பிவிடும். ஆகவே அந்த நிறுவல் வரியை டாக்கர்ஃபைலிலேயே எழுதிவிடுவதுதான் சரி. சோதனைக்கு ‘கொள்ளளவு’ போன்ற சொல்லை வைத்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.